சார்ட் லேபிளில் முழு எண்ணா, லட்சமா, எத்தனை தசமம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். அப்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். அவற்றில் மக்கள்தொகை அதிகமுள்ள பத்து மாவட்டங்களை மட்டும் ஒரு பட்டை சார்ட்டில் காட்ட வேண்டும்; ஒவ்வொரு பட்டையின் மேலும் அதன் எண் வரவேண்டும். எக்செலில் பட்டையைச் சொடுக்கி டேட்டா லேபிளைச் சேர்த்தால், செல்லில் இருக்கும் எண் அப்படியே மேலே வந்து உட்காரும். சென்னைக்கு 4646732. பத்துப் பட்டைக்கும் இப்படி ஏழேழு இலக்கம். எதையும் படிக்க முடியாது.

இந்த இடத்தில் நமக்கு முன்னால் இருக்கும் வழிகள் நான்கு: கமா போட்டு முழு எண்ணையே வைப்பது, லட்சத்தில் முழு எண்ணாகச் சுருக்குவது, லட்சத்தில் ஒரு தசமம், லட்சத்தில் இரண்டு தசமம். கோடி, மில்லியன் என்ற வழிகளும் உண்டு. அவற்றைப் பின்னால் சுருக்கமாகப் பார்ப்போம். பத்து மாவட்டங்களும் நான்கு வடிவிலும் இப்படி இருக்கும்:

| மாவட்டம் | முழு எண் | லட்சம் | ஒரு தசமம் | இரண்டு தசமம் |
|---|---|---|---|---|
| சென்னை | 46,46,732 | 46 | 46.5 | 46.47 |
| காஞ்சிபுரம் | 39,98,252 | 40 | 40.0 | 39.98 |
| வேலூர் | 39,36,331 | 39 | 39.4 | 39.36 |
| திருவள்ளூர் | 37,28,104 | 37 | 37.3 | 37.28 |
| சேலம் | 34,82,056 | 35 | 34.8 | 34.82 |
| விழுப்புரம் | 34,58,873 | 35 | 34.6 | 34.59 |
| கோயம்புத்தூர் | 34,58,045 | 35 | 34.6 | 34.58 |
| திருநெல்வேலி | 30,77,233 | 31 | 30.8 | 30.77 |
| மதுரை | 30,38,252 | 30 | 30.4 | 30.38 |
| திருச்சி | 27,22,290 | 27 | 27.2 | 27.22 |

முதலில் முழு எண். இதை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: அரசு வெளியிட்ட எண்ணை நாம் ஏன் மாற்ற வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் அந்த எண்ணின் கடைசி இலக்கங்கள் எவ்வளவு உறுதியானவை என்பதையும் பார்க்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்ததும் சில இடங்களில் மறுபடியும் போய், விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்று மாதிரி ஆய்வு ஒன்றை அதே துறை நடத்துகிறது. 2011-இல் இந்திய அளவில் ஆயிரத்துக்குச் சுமார் 23 பேர் விடுபட்டதாக அந்த ஆய்வு சொன்னது. அந்தச் சராசரியை அப்படியே சென்னைக்குப் பொருத்த முடியாது. இருந்தாலும் 46 லட்சத்தில் ஆயிரத்துக்கு 23 என்றால் ஒரு லட்சம் பேருக்கு மேல் வருகிறது. லட்சத்திலேயே ஐயம் இருக்கும்போது ‘732’ என்று ஒவ்வொரு தலையையும் எண்ணிவிட்டதுபோல் பட்டையின் மேல் எழுதிவைத்தால், வாசகருக்கு இல்லாத துல்லியத்தைக் காட்டுகிறோம். முழு எண்ணை விட்டுவிட வேண்டியதில்லை. சார்ட்டுக்குக் கீழோ பின்னிணைப்பிலோ ஒரு அட்டவணையில் கொடுங்கள். தேடுகிறவர் அங்கே எடுத்துக்கொள்வார்.

இடப் பிரச்சினை அதைவிட நேரடியானது. ஏ4 தாளில் சார்ட்டின் வரைபரப்பு 15 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பட்டைக்குத் தலா 1.5 செ.மீ. கிடைக்கும். 9 பாயிண்ட் எழுத்தில் ஒரு இலக்கம் ஏறக்குறைய 5 பாயிண்ட் அகலம், கமா அதில் பாதி. ‘46,46,732’ என்பது ஏழு இலக்கமும் இரண்டு கமாவும். சுமார் 40 பாயிண்ட், அதாவது 1.4 செ.மீ. பக்கத்து லேபிளுக்கும் இதற்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர்தான் மிச்சம். தூரத்திலிருந்து பார்த்தால் பத்து எண்களும் ஒரே நீளமான எண்போல் ஓடும். இடம் போதாதபோது பலர் லேபிளை 90 பாகை திருப்பி நிறுத்திவிடுகிறார்கள். அது வேண்டாம், தலையைச் சாய்த்துப் படிக்கிற எண்ணை யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. லட்சமாகச் சுருக்கிய ‘46.5’ சுமார் 18 பாயிண்ட்தான். பாதிக்கும் குறைவு.

முழு எண்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால் கமா எங்கே விழுகிறது என்பது அடுத்த தலைவலி. நமக்கு 46,46,732, மில்லியன் முறையில் 4,646,732. எக்செலில் `#,##0` என்ற வடிவம் கொடுத்தால், கமா விழும் இடத்தை எக்செல் தானாக முடிவுசெய்வதில்லை, விண்டோஸின் வட்டார அமைப்பைப் பார்க்கிறது. உங்கள் கணினியில் இந்திய அமைப்பு என்றால் 46,46,732 வரும். அதே கோப்பை அமெரிக்க அமைப்புள்ள கணினியில் திறந்தால் 4,646,732. கோப்பில் யாரும் கை வைக்கவில்லை, ஆனால் சார்ட் மாறியிருக்கும். மேலே எழுத்தில் ‘46 லட்சம்’ என்று இருக்க, கீழே சார்ட்டில் மில்லியன் கமா இருந்தால் இந்தக் காரணத்தை முதலில் சந்தேகியுங்கள். எந்தக் கணினியிலும் இந்தியக் கமாவே வரவேண்டுமானால் இந்த வடிவத்தைக் கொடுக்கலாம்:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

இங்கே சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் கமா வெறும் எழுத்து. அது வட்டார அமைப்பைக் கேட்காது. ஒரு குறை உண்டு. எக்செல் வடிவத்தில் இரண்டு நிபந்தனைகளுக்குத்தான் இடம். அவை இரண்டும் நேர்ம எண்களுக்கே செலவாகிவிட்டன. அதனால் எதிர்ம எண் எல்லாம் மூன்றாவது பகுதிக்குப் போய், பழையபடி வட்டார அமைப்பின் கமாவோடு வரும். மக்கள்தொகையில் எதிர்ம எண் வராது. லாப நஷ்டக் கணக்கில் வரும். அங்கே கவனம் வேண்டும்.

லட்சத்துக்கு மாறிவிட்டால் இந்தக் கமாச் சிக்கல் மொத்தமும் மறைந்துவிடுகிறது. மூன்று நான்கு இலக்கத்தில் கமாவுக்கு வேலையே இல்லை. லட்சத்தை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, லட்சத்தில் தசமமே இல்லாமல் போட்டால் என்ன? பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் இந்தத் தரவுக்கு அது பொருந்தாது. அட்டவணையின் நடுவில் பாருங்கள்: சேலம், விழுப்புரம், கோயம்புத்தூர் மூன்றும் 35. சேலத்துக்கும் கோவைக்கும் இடையே உண்மையில் 24,011 பேர் வித்தியாசம் இருக்கிறது. அது தொலைந்துபோனது. அதைவிட மோசம், இல்லாத வித்தியாசம் முளைப்பது. திருநெல்வேலி 31, மதுரை 30. படிக்கிறவர் மனதில் ஒரு லட்சம் வித்தியாசம் என்று பதியும். உண்மையான இடைவெளி 38,981 பேர். ஒன்று 30.5-க்குச் சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே இருந்ததால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போய்விட்டன. காஞ்சிபுரம் 40, வேலூர் 39 என்பதும் இப்படித்தான். அங்கே உண்மையான இடைவெளி 61,921. சேலமும் கோவையும் ஒன்று, மதுரையும் நெல்லையும் ஒரு லட்சம் தள்ளி என்று சார்ட் சொல்லும்போது பட்டைகளின் உயரம் வேறு கதை சொல்லும். லேபிளும் பட்டையும் முரண்படுகிற சார்ட்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

அதனால் போட்டி ஒரு தசமத்துக்கும் இரண்டு தசமத்துக்கும்தான்.

ஒரு தசமம் என்றால் பத்தாயிரம் பேர் வரை தெரியும். காஞ்சிபுரம் 40.0, வேலூர் 39.4, கழித்தால் 0.6 லட்சம், உண்மைக்கு மிக அருகில். நெல்லை 30.8, மதுரை 30.4, 0.4 லட்சம், அதுவும் சரி. விழுப்புரமும் கோவையும் மட்டும் 34.6 என்று ஒன்றாகவே நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 828 பேர். சார்ட்டின் உயரம் 8 செ.மீ., அச்சு 50 லட்சம் வரை என்றால் 828 பேர் என்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கண்ணுக்கு இரண்டு பட்டையும் ஒரே உயரம். லேபிளும் ஒரே எண்ணைக் காட்டுகிறது. இதுதான் நேர்மையான படம். 34.59, 34.58 என்று எழுதி விழுப்புரம் ‘முந்தியது’ என்று காட்டினால், கணக்கெடுப்பின் பிழைக்குள்ளேயே மூழ்கிப்போகிற ஒரு வித்தியாசத்தைச் செய்தியாக்குகிறோம்.

ஆனாலும் இரண்டு தசமம் தேவைப்படும் ஒரு நேரம் உண்டு. சார்ட்டின் தலைப்பில் ‘40 லட்சத்தைத் தாண்டிய ஒரே மாவட்டம் சென்னை’ என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பக்கத்திலேயே காஞ்சிபுரம் 40.0 என்று நிற்கும். வாசகர் தலைப்பு தப்பு என்பார். அவர் சொல்வதில் குற்றமில்லை. இங்கே 39.98 என்று காட்டினால்தான் தலைப்பும் லேபிளும் ஒத்துப்போகும். ஏதோ ஒரு வரம்பைப் பற்றிப் பேசுகிற சார்ட்டில், அந்த வரம்பை ஒட்டி நிற்கிற எண் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெரியும் வரை தசமம் வேண்டும். கூடுதல் தசமத்தை அந்த ஒரு பட்டைக்கு மட்டும் கொடுக்காமல் பத்துக்கும் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த எண் மட்டும் வேறு வகையாக அளக்கப்பட்டதுபோல் தோன்றும். வரம்பு எதுவும் பேசாத சாதாரண சார்ட்டுக்கு என் தேர்வு ஒரு தசமம்தான்.

இதே காரணத்துக்காக 40.0-இல் இருக்கும் பூஜ்யத்தையும் வெட்டக் கூடாது. சிலர் அது வீண் என்று நினைத்து `0.#` என்ற வடிவத்தைக் கொடுப்பார்கள். சரியாக 40 என்ற மதிப்புக்கு எக்செல் ‘40.’ என்று புள்ளியைத் தொங்கவிட்டு நிறுத்தும். பார்க்கவே அசிங்கமாக இருக்கும். `0.0` என்று கொடுத்தால் எல்லா லேபிளும் ஒரே அகலத்தில் நிற்கும். பத்தும் ஒரே அளவுக்குச் சுருக்கப்பட்டவை என்பதும் புரியும்.

கோடியும் மில்லியனும் இந்தச் சார்ட்டுக்கு வேண்டாம். கோடியில் எழுதினால் 0.46, 0.40, 0.39 என்று எல்லாமே பூஜ்யத்தில் தொடங்கும்; ஒரு இலக்கத்தை வீணாக்குகிறோம். மில்லியனில் 3.5, 3.5, 3.5 என்று சேலமும் விழுப்புரமும் கோவையும் மறுபடி ஒன்றாகிவிடும். வெளிநாட்டு வாசகருக்கான அறிக்கை என்றால் மில்லியனில் இரண்டு தசமம் போடுங்கள்: 3.48, 3.46, 3.46.

இனி எக்செலில் இதைச் செய்யும் வழி. எண் வடிவத்தின் கடைசியில் ஒரு கமா சேர்த்தால் ஆயிரத்தால் வகுத்துக் காட்டும், இரண்டு சேர்த்தால் பத்து லட்சத்தால். நடுவில் லட்சத்துக்கு வழி இல்லை. இதற்கு ஒரு தந்திரம் புழக்கத்தில் இருக்கிறது:

```
0\.00,
```

4646732-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 4647. அதன் கடைசி இரண்டு இலக்கத்துக்கு முன்னால் ஒரு புள்ளியை எழுத்தாகச் செருகினால் 46.47. பெரம்பலூரின் 5,65,223-உம் 5.65 என்று சரியாக வரும். அழகான தந்திரம்தான், ஆனால் இரண்டு தசமத்துக்கு மட்டுமே உதவும். அதே வழியில் ஒரு தசமம் எடுக்க நினைத்து `0\.0,` என்று போட்டால் சென்னை 464.7 ஆகிவிடும். இதை மாற்றிப் போட்டுவிட்டு, பத்து மடங்கு தவறான லேபிளோடு சார்ட் வெளியே போவதற்கு வாய்ப்பு அதிகம். பட்டைகளின் உயர விகிதம் சரியாகவே இருக்கும் என்பதால் பார்வையில் படவும் படாது. மாற்றிய பிறகு ஒரே ஒரு பட்டையின் எண்ணையாவது மூல எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு தசமத்துக்கு நான் பரிந்துரைக்கும் வழி அச்சின் அலகு. மதிப்பு அச்சின் மேல் வலது சொடுக்கு, Format Axis, அதில் Display units என்ற பட்டியலில் 100000 இருக்கிறது. அதைத் தேர்ந்தால் அச்சும் லேபிளும் சேர்ந்து லட்சத்துக்கு மாறும். பிறகு Format Data Labels-இல் Number பகுதிக்குப் போய், Linked to source குறியை எடுத்துவிட்டு, வடிவமாக `0.0` கொடுத்து Add அழுத்துங்கள். மூலத் தரவு செல்லில் அப்படியே இருக்கும். பட்டையின் மேலேயே எண் இருக்கும்போது அச்சில் எண் தேவையில்லை. அச்சை அழிக்காமல், Labels பகுதியில் Label Position-ஐ None ஆக்கினால் போதும். பின்னாலிருக்கும் கட்டக் கோடுகளையும் எடுத்துவிடலாம்.

இதற்குப் பதிலாகப் பக்கத்து நிரலில் `=ROUND(B2/100000,1)` என்று எழுதி அதையே சார்ட்டுக்குக் கொடுப்பதும் வழக்கம். அதில் ROUND தான் சிக்கல். பட்டையின் உயரமும் சுருக்கிய எண்ணுக்கு மாறிவிடும். வரிசைப்படுத்தும்போது விழுப்புரமும் கோவையும் சமம் என்றாகி, எது முன்னால் வரும் என்பது மூல அட்டவணையில் அவை இருந்த வரிசையைப் பொறுத்ததாகிவிடும். தனி நிரல் வேண்டுமென்றால் `=B2/100000` என்று வகுத்தால் மட்டும் போதும். சுருக்கும் வேலையை வடிவத்துக்கு விடுங்கள்.

‘லட்சம்’ என்ற சொல்லை ஒவ்வொரு லேபிளிலும் ஒட்டாதீர்கள். `0.0" லட்சம்"` என்று கொடுத்தால் வரும், ஆனால் முழு எண்ணைச் சுருக்கி மிச்சம்பிடித்த இடமெல்லாம் பத்து ‘லட்சம்’ வந்து நிரப்பிவிடும். தலைப்பிலேயே ‘மக்கள்தொகை, லட்சத்தில்’ என்று ஒரு முறை எழுதுங்கள். இன்னொன்று: ஒரே சார்ட்டில் மாநில மொத்தமும் மாவட்டங்களும் இருந்தால் ‘7.2 கோடி’, ‘46.5 லட்சம்’ என்று அலகைக் கலக்க வேண்டாம். உயரமான பட்டையின் மேல் 7.2, குட்டையானதன் மேல் 46.5 என்றால் கண் முதலில் எண்ணைத்தான் பிடிக்கும், அலகை அல்ல.

சுருக்கிய எண்களைக் கூட்டும்போது வரும் சிறு முரண் ஒன்றையும் எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து மாவட்டங்களின் உண்மையான மொத்தம் 3,55,46,168. லட்சத்தில் 355.5. ஆனால் லேபிளில் இருக்கும் பத்து எண்களைக் கூட்டிப் பார்த்தால் 355.6 வரும். கூட்டிப் பார்க்கிற வாசகர் எப்போதும் ஒருவராவது இருப்பார். அவருக்காக ஏதோ ஒரு மாவட்டத்தின் எண்ணை 0.1 குறைத்துச் சரிக்கட்டுவது தவறு. மொத்தத்தை மூல எண்ணிலிருந்தே எடுத்து 355.5 என்றே போட்டு, ‘தசமம் சுருக்கப்பட்டதால் கூட்டுத்தொகை சற்று வேறுபடலாம்’ என்று கீழே ஒரு வரி எழுதினால் போதும்.

இந்தத் தேர்வு எல்லாச் சார்ட்டுக்கும் செல்லாது. வாக்கு எண்ணிக்கையில் ஒவ்வொரு இலக்கமும் செய்தி. 2008 ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில் நாத்துவாரா தொகுதியில் வென்றவருக்கு 62,216 வாக்கு, தோற்ற சி.பி. ஜோஷிக்கு 62,215. அங்கே 0.62 லட்சம் என்று இரண்டு பட்டையிலும் எழுதினால் சார்ட்டுக்கே பொருளில்லை. கமாவோடு முழு எண்தான் வேண்டும். பட்டை இரண்டே என்பதால் இடத்துக்கும் பஞ்சமில்லை.

பட்டைகளின் எண்ணிக்கை கூடினாலும் கணக்கு மாறும். 32 மாவட்டத்தையும் அதே 15 செ.மீ. அகலத்தில் நிறுத்தினால் ஒரு பட்டைக்கு அரை செ.மீ.கூடக் கிடைக்காது, ‘46.5’ கூட 0.6 செ.மீ. கேட்கும். இங்கே தசமத்தை வெட்டி இடம் பிடிக்கப் பார்க்காதீர்கள். பட்டைகளைக் கிடைமட்டமாகப் படுக்க வையுங்கள். எண் பட்டையின் நுனியில் வலப்பக்கம் தாராளமாக நிற்கும், மாவட்டப் பெயரையும் சாய்க்க வேண்டியிருக்காது. அரியலூர் 7.5, நீலகிரி 7.4, பெரம்பலூர் 5.7 என்று கீழ்க்கோடி மாவட்டங்களும் ஒரு தசமத்திலேயே தெளிவாகப் பிரியும்.

பெரியதும் சிறியதும் வெகுதூரம் விலகியிருக்கும் தரவில்தான் ஒரு தசமம் தோற்கும். இந்திய மாநிலங்களைக் கோடியில் போடுங்கள். உத்தரப் பிரதேசம் 20.0, தமிழ்நாடு 7.2 என்று மேலே எல்லாம் நன்றாக இருக்கும். கீழே கோவா, அருணாசலப் பிரதேசம், மிசோரம், சிக்கிம் நான்கும் 0.1. கோவாவில் 14,58,545 பேர், சிக்கிமில் 6,10,577 பேர். ஒன்று மற்றொன்றைப் போல இரு மடங்குக்கும் மேல். லட்சத்துக்கு மாற்றினால் சிறியவை பிழைக்கும், ஆனால் உத்தரப் பிரதேசம் 1,998.1 ஆகி, விரட்டிவிட்ட கமா திரும்ப வந்துவிடும். இந்தச் சார்ட்டுக்கு Display units-இல் 10000000 வைத்து, லேபிளுக்கு `0.00` கொடுப்பேன்: 19.98, 7.21, கீழே 0.15, 0.14, 0.11, 0.06.